போட்டது 45,000, கேட்பது 91,000: கையில் இல்லாத பங்கை விற்றவருக்கு ஒரு பதில்

கேள்வி

"ஐயா, திருமங்கலத்தில் எலெக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஓராண்டாகச் செல்போனில் இன்ட்ராடே, அதாவது வாங்கல் விற்றல் இரண்டையும் அன்றே முடிக்கும் பங்கு வியாபாரம், செய்து வருகிறேன். போன மாதம் ஒரு சிறிய கம்பெனியின் பங்கு காரணமில்லாமல் ஏறுவதாகப் பட்டது. கணக்கில் இருந்த 45,000 ரூபாயை வைத்து 1,000 பங்கை 210 ரூபாய்க்கு ஷார்ட் செய்தேன். முந்தைய நாள் முடிவு விலை 200. ஸ்டாப் லாஸும் போட்டிருந்தேன்: 216 வந்ததும் 217-க்குள் வாங்கும்படி. மதியம் இரண்டு மணிவாக்கில் ஏதோ அறிவிப்பு வந்து, விலை 240-க்குத் தாவி அப்படியே நின்றுவிட்டது. வாங்க முடியவில்லை. மறுநாள் காலையிலும் ஆர்டர் போட்டேன், கிடைக்கவில்லை, விலை 288. மூன்றாம் நாள் என் கணக்கில் மைனஸ் 91,000 சொச்சம். ஒரு பங்குக்கு 345.60 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பங்கு ஒரு நாளும் 345-க்கு விற்றதே இல்லை. அடுத்த வாரமே 230-க்கு வந்துவிட்டது. நான் நினைத்தது சரிதானே? போட்ட பணம் போனால் போகட்டும், அதற்கு மேல் எப்படிக் கேட்கலாம்? கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மனைவியின் நகையை வைப்பதா, தெரிந்த ஒருவரிடம் பத்து வட்டிக்கு வாங்குவதா? அடுத்த முறை ஃபியூச்சர்ஸில் செய்தால் இந்தத் தொல்லை இல்லை என்கிறார் நண்பர். வழி சொல்லுங்கள்."

பதில்

அன்புள்ள திருமங்கலம் வாசகருக்கு,

கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் "போட்ட பணம்" என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் மனக்குழப்பம் முழுவதும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. பங்கை வாங்குகிறவர் பணத்தைப் போடுகிறார்; அந்தப் பணம் பங்காக மாறி அவர் டீமேட் கணக்கில் உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் அன்று செய்தது விற்பனை. உங்களிடம் இல்லாத 1,000 பங்கை, முகம் தெரியாத ஒருவருக்கு, 210 ரூபாய் வீதம் தருவதாக ஒப்புக்கொண்டீர்கள். உங்கள் 45,000 ரூபாய் அந்த ஒப்புதலுக்காகத் தரகர் பிடித்து வைத்துக்கொண்ட ஈட்டுத்தொகை. ஈடு எவ்வளவோ அவ்வளவுதான் கடமை என்று எந்த வியாபாரத்திலும் கிடையாது.

இதை நம் ஊர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வைத்துப் பார்த்தால் உடனே விளங்கிவிடும். வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்குப் பத்து கிலோ மல்லிகை வேண்டும் என்று ஒரு கல்யாண வீட்டார் செவ்வாய்க்கிழமை வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய விலை கிலோ 800. வியாபாரியின் கையில் ஒரு பூகூட இல்லை. ஆனாலும் வரத்து கூடி வெள்ளிக்கிழமை 500-க்கு இறங்கும் என்ற நம்பிக்கையில், 800 வீதம் தருவதாக வாக்குக் கொடுக்கிறார். பூ வந்து சேரும் என்பதற்கு ஈடாக 1,600 ரூபாயை ஒரு பொது மனிதரிடம் கட்டி வைக்கிறார். வியாழன் இரவு மழை கொட்டுகிறது, பறிப்புக்கு ஆள் போகவில்லை, வெள்ளி விடியலில் விலை கிலோ 3,000. வியாபாரி பத்து கிலோவை 30,000 கொடுத்து வாங்கித்தான் கொடுத்தாக வேண்டும். அவருக்கு வரப்போவது 8,000. நஷ்டம் 22,000, அவர் கட்டியதோ 1,600. "என் 1,600-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், நான் வருகிறேன்" என்று அவர் கல்யாண வீட்டாரிடம் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது பூ.

அதே வியாபாரி செவ்வாயன்று 8,000 ரூபாய்க்குப் பூவை வாங்கி வைத்திருந்தால், அது முழுக்க வாடிப்போனாலும் அவர் இழப்பது அந்த 8,000-தான். விலை பூஜ்யத்துக்குக் கீழே போகாது, ஆகவே வாங்கியவருடைய நஷ்டத்துக்குத் தரை உண்டு. விலை ஏறுவதற்குக் கூரை இல்லை, ஆகவே விற்று வைத்தவருடைய நஷ்டத்துக்கும் கூரை இல்லை. லாபத்தையும் பாருங்கள்: நீங்கள் விற்ற பங்கு ஒன்றுக்கும் ஆகாமல் போயிருந்தால்கூட உங்களுக்கு அதிகபட்சம் 210 ரூபாய் வீதம் 2,10,000-தான் கிடைத்திருக்கும்.

ஏற ஏறப் பாரம் கூடுவது

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. ஓராண்டு இன்ட்ராடே செய்தவர்களிலும் பலர் இதைக் கவனிப்பதில்லை. வாங்கி வைத்தவரின் கணிப்புத் தவறினால், அவர் சுமக்கும் பாரம் தானாகவே குறைந்துகொண்டு வரும். 1,000 பங்கை 210-க்கு வாங்கியவருக்கு விலை 105-க்கு இறங்கினால், அதற்குமேல் அவர் இழக்கக்கூடியது 1,05,000-தான். ஷார்ட் விற்றவரின் கணிப்புத் தவறினால் நடப்பது நேர்மாறு. விலை 420 ஆனால், அவர் திருப்பி வாங்க வேண்டிய சரக்கின் மதிப்பு 2,10,000-லிருந்து 4,20,000 ஆகிவிடுகிறது. அங்கிருந்து ஒவ்வொரு சதவீத ஏற்றமும் அவருக்கு முன்னைவிட இரண்டு மடங்கு வலிக்கும்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். விற்கும்போது சரக்கு மதிப்பு 2,10,000; அதில் ஐந்தில் ஒரு பங்கான 42,000 ஈடாக, அதாவது மார்ஜினாகத் தேவைப்பட்டது, உங்களிடம் 45,000 இருந்தது. விலை 240-க்குப் போனதும் 30,000 ரூபாய் ஏட்டில் நஷ்டமாகி, உங்களிடம் உண்மையில் மிஞ்சியது 15,000. அதே நேரத்தில் சரக்கு மதிப்பு 2,40,000 ஆகிவிட்டதால், வேண்டிய மார்ஜின் 48,000-ஆக உயர்ந்துவிட்டது. ஒரு பக்கம் ஈடு கரைகிறது, மறுபக்கம் தேவைப்படும் ஈடு வளர்கிறது. "கொஞ்சம் பொறுத்தால் இறங்கும்" என்று காத்திருப்பதற்கான வசதி, விலை ஏற ஏறக் கையைவிட்டுப் போய்விடுகிறது. இந்த ஐந்து மடங்கு என்ற அளவே, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி கட்டுப்படுத்திய பிறகு வந்தது. 2021 செப்டம்பரில் மார்ஜின் விதி முழுமையாக நடைமுறைக்கு வருவதற்கு முன்பு, சில தரகர்கள் இதைவிடப் பல மடங்கு தந்துகொண்டிருந்தார்கள்.

அந்த மூன்று நாட்களில் நடந்தது

முதலில் ஸ்டாப் லாஸ். அது உங்களைக் கைவிட்டதாக நினைக்கிறீர்கள். நீங்கள் எழுதிக்கொடுத்ததை அது அப்படியே செய்திருக்கிறது. 216 வந்ததும் விழித்துக்கொள், ஆனால் 217-க்கு மேல் ஒரு பைசாகூடக் கொடுக்காதே என்பது உங்கள் ஆர்டர். அறிவிப்பு வந்த நொடியில் விற்க நின்றவர்கள் எல்லாரும் தங்கள் ஆர்டரை இழுத்துக்கொண்டதால், விலை 217-இல் நிற்காமல் மேலே தாவியது. உங்கள் ஆர்டர் விழித்தது, 217-க்கு யாரும் கொடுக்கவில்லை, அங்கேயே நின்றது. விலை வரம்பில்லாத மார்க்கெட் ஆர்டராக இருந்திருந்தால், 225-க்கோ 235-க்கோ ஒரு பகுதியாவது கிடைத்திருக்கலாம். ஆனால் 240-ஐத் தொட்டபின் அதுவும் பயன்பட்டிருக்காது. அந்தப் பங்குக்கு நாள் ஒன்றுக்கு 20 சதவீத வரம்பு. முந்தைய நாள் முடிவு 200 என்பதால், 240-க்கு மேல் அன்று யாரும் விலை கேட்கவே முடியாது. அதற்கு மேல் தகும் என்று நினைக்கிறவர் 240-க்கு ஏன் விற்கப்போகிறார்? அன்றைய மேல்வரம்பான அப்பர் சர்க்யூட்டில் பூட்டிய பங்கின் திரையை நீங்கள் அன்று பார்த்திருப்பீர்கள்: இடது பக்கம் வாங்குபவர்கள் லட்சக்கணக்கில் வரிசையில் நிற்பார்கள், வலது பக்கம் ஐந்து வரியிலும் பூஜ்யம். ஸ்டாப் லாஸ் என்பது ஒரு வாங்கும் ஆர்டர்தான். விற்பவர் இல்லாத இடத்தில் எந்த ஆர்டரும் நிறைவேறாது. மூன்று மணிக்கு மேல் தரகரின் கணினி உங்களுக்காகத் தானாக வாங்க முயன்றிருக்கும். அதுவும் அதே வரிசையின் கடைசியில்தான் போய் நின்றிருக்கும்.

பலர் சர்க்யூட்டைப் பாதுகாப்பு வேலி என்று நினைக்கிறார்கள். விலையைப் பொறுத்தவரை அது வேலிதான். ஷார்ட் விற்றவரைப் பொறுத்தவரை, தீப்பிடித்த அறையின் கதவை வெளியிலிருந்து பூட்டுவதும் அதுதான்.

இரண்டாம் நாள். நம் சந்தையில் 2023 ஜனவரியிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும் விற்ற மறுநாளே ஒப்படைக்க வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது. உங்களிடமிருந்து வாங்கியவருக்கு அன்று 1,000 பங்கு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்; போகவில்லை. நீங்கள் அன்று காலை ஆர்டர் போட்டதைத் தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதில் ஒரு தப்பெண்ணம் கலந்திருக்கிறது. அன்று வாங்கியிருந்தாலும் அந்தப் பங்கு அதற்கு அடுத்த நாள்தான் உங்களுக்கு வந்து சேரும், ஆகவே நேற்றைய பாக்கியை அது தீர்த்திருக்காது. பாக்கி தன் வழியில் ஏலத்துக்குப் போயிருக்கும்; நீங்கள் வாங்கியது தனியாக உங்கள் கணக்கில் நின்றிருக்கும். அதை விற்று வரும் லாபம் ஏல நஷ்டத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

ஒப்படைக்காத பங்குக்காக, பங்கையும் பணத்தையும் கைமாற்றிக் கொடுக்கும் சந்தையின் தீர்வகம் அன்றே ஒரு தனி ஏலம் நடத்தும். பங்கு வைத்திருப்பவர்கள் அந்த ஏலத்தில் விற்க முன்வந்தால், அந்த விலையை உங்கள் தலையில் வைத்து, பங்கை வாங்கியவரிடம் கொடுத்துவிடுவார்கள். இரண்டாம் நாளும் 288-இல் பூட்டிய பங்கு அது. மறுநாள் இன்னும் ஏறும் என்று எல்லாரும் எதிர்பார்க்கும்போது ஏலத்திலும் யாரும் விற்க வரவில்லை. அந்த நிலையில் பங்குக்குப் பதிலாக வாங்கியவருக்குப் பணமாகக் கொடுத்துக் கணக்கை முடிப்பார்கள். இதற்குத்தான் குளோஸ் அவுட் என்று பெயர். அதன் விலையைத் தரகர் தீர்மானிப்பதில்லை; விதி இருக்கிறது. நீங்கள் விற்ற நாள் முதல் ஏல நாள் வரை அந்தப் பங்கு தொட்ட உச்ச விலை ஒன்று, ஏல நாள் முடிவு விலையோடு 20 சதவீதம் கூட்டியது மற்றொன்று; இரண்டில் எது அதிகமோ அது. உச்ச விலை 288. முடிவு விலை 288-உடன் 20 சதவீதமான 57.60-ஐக் கூட்டினால் 345.60. பங்கு ஒரு நாளும் 345-க்கு விற்கவில்லை என்று நீங்கள் சொல்வது உண்மை. அந்த விலை சந்தையில் பிறந்ததல்ல, விதியில் பிறந்தது.

இனி கணக்கு நேராகிவிடும். உங்களுக்கு வர வேண்டியது 2,10,000. உங்களிடம் பிடித்தது 3,45,600. வித்தியாசம் 1,35,600. அதில் உங்கள் 45,000 போக 90,600, அதற்கு மேல் சில்லறைக் கட்டணங்கள். நீங்கள் எழுதிய 91,000 சொச்சம் இதுதான்.

கொடுமையான விதி என்று உங்களுக்குத் தோன்றுவது எனக்குப் புரிகிறது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவரையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அவர் முழுப் பணத்தையும் கட்டி, 210-க்கு வாங்கி, அறிவிப்பால் வந்த ஏற்றத்துக்கு உரியவராக இருந்தார். பங்கும் வராமல், கட்டிய 210-ஐ மட்டும் திருப்பிக் கொடுத்தால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். விற்பவர் ஒப்படைக்காமல் தப்பிப்பது லாபமாக இருந்தால், யாருமே ஒப்படைக்க மாட்டார்கள்.

"நான் நினைத்தது சரிதானே?"

அடுத்த வாரம் விலை 230-க்கு வந்தது உங்களுக்கு உறுத்துகிறது. அப்போதும் அது நீங்கள் விற்ற 210-க்கு மேலேதான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆனால் 150-க்கே வந்திருந்தாலும் உங்கள் நிலை மாறியிருக்காது. வாங்கி வைத்தவர் தன் கணிப்புப் பலிக்கும்வரை பத்தாண்டுகூடக் காத்திருக்கலாம். இன்ட்ராடே ஷார்ட் விற்றவரின் கணிப்பு அன்று மாலை மூன்றரை மணிக்குள் பலிக்க வேண்டும்.

இது பெரிய நிதி நிறுவனங்களுக்கே நடந்தது. 2008-இல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பங்கு தகுதிக்கு மேல் ஏறிவிட்டதாகக் கருதிப் பல முதலீட்டு நிறுவனங்கள் அதைக் கடன் வாங்கி விற்று வைத்திருந்தன. அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை, போர்ஷே நிறுவனம் ஓர் அறிவிப்பு விட்டது: ஃபோக்ஸ்வாகனில் 42.6 சதவீதம் தன் கையில் இருக்கிறது, மேலும் 31.5 சதவீதத்துக்கு ஆப்ஷன் வைத்திருக்கிறது. லோயர் சாக்சனி மாநில அரசிடம் சுமார் 20 சதவீதம். இவற்றைக் கழித்தால் சந்தையில் வாங்கக் கிடைப்பது ஏறத்தாழ 6 சதவீதம். விற்று வைத்தவர்கள் திருப்பித் தர வேண்டியதோ அதைவிட அதிகம். திங்கள் காலை எல்லாரும் ஒரே வாசலை நோக்கி ஓடினார்கள். ஒவ்வொருவரும் தப்பிப்பதற்காக வாங்க, அந்த வாங்குதலே அடுத்தவருக்கு விலையை ஏற்றியது. வெள்ளிக்கிழமை 210 யூரோ அளவில் இருந்த பங்கு செவ்வாய்க்கிழமை 1,000 யூரோவைத் தாண்டி, சிறிது நேரம் அது உலகிலேயே மதிப்பு மிக்க நிறுவனமாக இருந்தது. புதன்கிழமையே விலை பாதியளவுக்குச் சரிந்துவிட்டது. தகுதிக்கு மேல் ஏறிவிட்டது என்று சொன்னவர்கள் சொன்னது பொய்யாகவில்லை. ஆனால் 210-இல் விற்று 1,000-இல் வாங்க நேர்ந்தவருக்கு ஒரு பங்குக்கு 790 யூரோ போனது போனதுதான். முழு விலையையே ஈடாகக் கட்டியிருந்தாலும் அதைப்போல் மூன்றே முக்கால் மடங்கு அது.

உங்கள் பங்கிலும் சிறிய அளவில் இதுவே நடந்தது. "காரணமில்லாமல் ஏறுகிறது" என்று அன்று உங்களைப் போல நினைத்து விற்றவர்கள் இன்னும் பலர் இருந்திருப்பார்கள். 240-க்கு வரிசையில் நின்றவர்களில் ஒரு பகுதி அவர்கள்தான்.

உங்கள் உரிமைகளும், கட்டாமல் விட்டால் நேர்வதும்

இந்தத் தொகை மொத்தத்தில் நியாயமான கடன் என்பதே என் கருத்து. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கட்டச் சொல்லவில்லை. தரகருக்கு மின்னஞ்சல் எழுதி மூன்றைக் கேளுங்கள்: விற்ற அன்றைய கான்ட்ராக்ட் நோட், குளோஸ் அவுட் விலையைக் காட்டும், தீர்வகத்திலிருந்து வந்த விவரம், அன்று உங்கள் கணக்கில் போன எல்லா ஆர்டர்களின் நேரப் பதிவு. முதல் இரண்டையும் நான் மேலே போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். 345.60-க்கு மேல் ஏதாவது அபராதம் என்ற பெயரில் தரகர் தன் பங்குக்குச் சேர்த்திருந்தால் அதை எதிர்த்துக் கேளுங்கள். உங்களிடம் வாங்கியவரும் அதே தரகரின் வாடிக்கையாளராகவே இருந்து, பற்றாக்குறை அவருக்குள்ளேயே எழுந்திருந்தாலும், தீர்வகம் சொல்லும் ஏல முறைப்படிதான் அதைத் தீர்க்க வேண்டும். தீர்வகம் விதிப்பதற்கு மேல் அவர் வசூலிக்கக் கூடாது என்பது செபியின் விதி. ஆர்டர் பதிவு எதற்கென்றால், விலை பூட்டுவதற்கு முன்பே நீங்கள் வாங்க முயன்று, செயலி முடங்கியதால் ஆர்டர் போகாமல் இருந்திருந்தால், அப்போது உங்கள் பக்கம் வாதத்துக்கு இடமுண்டு. விற்பவர் இல்லாததால் வாங்க முடியவில்லை என்பதற்குத் தரகரைப் பொறுப்பாக்க முடியாது.

பதிலில் திருப்தி இல்லையென்றால், செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதியலாம். தரகர் 21 நாட்களுக்குள் அதற்குப் பதில் தர வேண்டும். அதன் பிறகும் தீராவிட்டால், இணையவழியிலேயே சமரசமும் நடுவர் தீர்ப்பும் நடக்கும் ஸ்மார்ட் ஓடிஆர் தளம் இருக்கிறது. மதுரையிலிருந்து மும்பைக்கு அலைய வேண்டியதில்லை.

கட்டாமல் விட்டால், பாக்கிக்கு ஒப்பந்தப்படி வட்டி ஓடும். டீமேட்டில் வேறு பங்குகள் இருந்து, அவற்றை எடுக்க நீங்கள் அதிகாரம் கொடுத்திருந்தால், தரகர் அவற்றை விற்றுப் பாக்கியில் கழிக்கலாம். நடுவர் மன்றத்தில் உங்கள்மீது உத்தரவு வாங்கி, நீதிமன்றம் வழியாக நிறைவேற்றவும் முடியும். கணக்கில் பற்றாக்குறை விழுந்தது மட்டுமே குற்றம் ஆகாது, இது பணத் தகராறு. போலீஸ் வரும் என்று யாராவது தொலைபேசியில் மிரட்டினால் பயப்படாமல், எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். வருமான வரிக் கணக்கில் இந்த நஷ்டத்தைக் காட்டத் தவறாதீர்கள். இன்ட்ராடே நஷ்டம் ஊக வணிக நஷ்டமாகக் கருதப்படும், அதே வகை லாபத்தில் மட்டும் கழிக்கலாம், உரிய தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தால் அடுத்த 4 ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம்.

ஃபியூச்சர்ஸ் பற்றி நண்பர் சொன்னது

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஃபியூச்சர்ஸ் என்பது பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தம். அதில் அன்றன்று ஒப்படைக்க வேண்டியதில்லை, ஆகவே இந்த ஏலத் தொல்லை அன்றே வராது. ஆனால் ஃபியூச்சர்ஸ் உள்ள பங்குகளுக்கு நிலையான தினசரி வரம்பே கிடையாது. விலை முட்டும்போது வரம்பு தளர்ந்து கொடுக்கும். வாசல் திறந்திருக்கும் என்பது நல்லது. மேலே தடுப்பு இல்லை என்பது ஆபத்து. இரவில் வரும் ஒரு அறிவிப்பு காலை ஒன்பதேகாலுக்கு உங்கள் ஈட்டுத்தொகை முழுவதையும் விழுங்கிவிடலாம், அதற்கு மேலும் பாக்கி வைக்கலாம். நஷ்டத்தை அன்றன்றே பணமாகப் பிடித்துக்கொள்வார்கள். அங்கே விற்கக்கூடிய குறைந்தபட்சத் தொகுதியான ஒரு லாட்டின் மதிப்பே சில லட்சங்கள் என்பதால், 73 பங்கு போதும் என்று நிறுத்திக்கொள்ளும் வசதியும் அங்கே இல்லை.

73 என்று ஏன் சொன்னேன் என்று விளக்கிவிடுகிறேன். 20 சதவீத வரம்புள்ள பங்கில், விற்ற நாளும் ஏல நாளும் இரண்டும் பூட்டி, ஏலத்திலும் பங்கு வராமல் போவதே மிக மோசமான முடிவு. அப்போது விலை, முந்தைய நாள் முடிவைப்போல் 1.728 மடங்கு. உங்கள் பங்கில் 345.60, 210-க்கு விற்றவருக்குப் பங்கு ஒன்றுக்கு 135.60 நஷ்டம். 10,000 ரூபாய் போனால் தாங்குவேன் என்கிறவர், அன்று 73 பங்குக்கு மேல் விற்றிருக்கக் கூடாது. நீங்கள் விற்றது 1,000. செயலி உங்கள் மார்ஜினைப் பார்த்து "இவ்வளவு விற்கலாம்" என்று காட்டியது. அந்த எண் தரகரின் சாதாரண நாள் கணக்கு.

விலை இறங்கும் என்ற கருத்து உறுதியாக இருந்து, நஷ்டத்துக்கு ஓர் எல்லையும் வேண்டும் என்றால், அதற்கு இருக்கும் கருவி, குறித்த விலையில் விற்கும் உரிமையான புட் ஆப்ஷனை வாங்குவது. அந்த உரிமைக்குக் கொடுத்த விலையான பிரீமியத்துக்கு மேல் அதில் போகாது, ஒரு நிபந்தனையோடு: பங்கு மீதான புட்டை லாபத்தில் இருக்கும் நிலையில் காலாவதி நாள் முடியும்வரை விட்டுவிட்டால், பங்கையே ஒப்படைக்க வேண்டும். 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஆப்ஷன்களுக்கும் இதுவே விதி. கையில் பங்கு இல்லையென்றால் நீங்கள் மறுபடி அதே ஏல வாசலில் நிற்பீர்கள். காலாவதிக்கு முன்பே விற்று வெளியேறிவிட வேண்டும். இந்தப் பாக்கி தீரும்வரை இதையும் தொடாதீர்கள். விட்டதைப் பிடிக்கும் அவசரத்தில் எடுக்கும் அளவு எப்போதும் பெரிதாகிவிடுகிறது என்பதை என் மேசைக்கு வந்த கணக்குகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

பணம் புரட்டுவது

பத்து வட்டி வேண்டவே வேண்டாம். 91,000-க்கு மாதம் 9,100 வட்டி மட்டும். பத்தே மாதத்தில் அசலுக்குச் சமமான வட்டி கட்டிவிட்டு, அசல் அப்படியே நிற்கும். நம் மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது என்றாலும், கடை வாசலில் வந்து நிற்கும் ஆளை அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி உடனே திருப்பி அனுப்பிவிட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். தரகரின் பாக்கி வட்டி எவ்வளவு என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று தவணையில் கட்ட அனுமதிப்பார்களா என்றும் எழுத்தில் கேளுங்கள். வங்கியில் வைப்பு நிதி இருந்தால் அதன்மேல் கடன், இல்லையென்றால் வங்கி நகைக்கடன், இந்த வரிசையில் யோசியுங்கள். கடையின் சரக்கு வாங்கும் பணத்தில் கை வைக்காதீர்கள். அது குறைந்தால் வட்டி கட்டும் வழியே அடைபட்டுவிடும்.

நகை உங்கள் மனைவியுடையது. வைப்பதற்கு முன் அவரிடம் சொல்லத்தான் வேண்டும். அதைத் தள்ளிப்போட்டுத்தான் பத்து வட்டிக்காரர் உங்கள் நினைவுக்கு வந்திருக்கிறார். தரகர் அனுப்பும் தாள்கள் வந்ததும் அவற்றை வைத்துக்கொண்டு, 2,10,000, 3,45,600, 45,000 என்ற மூன்று எண்களையும் அவருக்குக் காட்டிச் சொல்லுங்கள். தாள்களில் இந்தக் கணக்கோடு பொருந்தாத தொகை ஏதாவது இருந்தால், கட்டுவதற்கு முன் நகல் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.